கண்மைக் கறைக்கு ப்ளீச் உதவுமா?

கேள்வி: வெள்ளைத் தலையணை உறையில் சிவப்பு லிப்ஸ்டிக்கும், வெள்ளைப் பருத்தித் துண்டில் கண்மையும் அப்பிவிட்டன. துண்டை வெந்நீரில் நனைத்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை இன்னும் அகலமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து ப்ளீச்சில் ஊறவைக்கலாமா?

பதில்: வேண்டாம். குறிப்பாக, துண்டை அதில் போடவே போடாதீர்கள். கண்மையின் கறுப்பு பெரும்பாலும் மிக நுண்ணிய கரிப்பொடி. சிலவற்றில் கறுப்பு இரும்பு ஆக்சைடு. ப்ளீச் சாயத்தைச் சிதைத்து நிறமிழக்கச் செய்யுமே தவிர, இந்தப் பொடிகளை ஒன்றும் செய்யாது. கறை அப்படியே இருக்க, நூல்தான் நைந்துபோகும். கரியை வெளுக்க முடியாது, துணியை விட்டு வெளியேற்றத்தான் முடியும். அந்தப் பொடியை நூலோடு பிடித்து வைத்திருப்பது கண்மையில் உள்ள மெழுகும் எண்ணெயும்தான். வெந்நீரில் அவை இளகின, தேய்த்ததில் கரியையும் இழுத்துக்கொண்டு பக்கத்து நூல்களுக்குப் பரவின.

ஆகவே துண்டை முதலில் நிழலில் நன்றாக உலர விடுங்கள். உலர்ந்ததும் கறைக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணியொன்றை வைத்து, கறையின் மேல் மட்டும் நிறமற்ற எண்ணெயை, பேபி ஆயில் போதும், நான்கைந்து சொட்டு விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். எண்ணெய்க் கறைக்கு எண்ணெயா என்று தோன்றும். ஆனால் இறுகிய மெழுகை இளக்குவதில் தண்ணீரைவிட எண்ணெயே கெட்டி. பிறகு பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சின் சுத்தமான பக்கம் கறையில் பட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த கரியை நாமே திரும்ப அப்பிவிடுவோம்.

அடுத்து, தண்ணீர் சேர்க்காமல், பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி விரல் நுனியால் தடவுங்கள். துண்டின் பரப்பு முழுவதும் சிறு சிறு நூல் வளையங்கள். கரி அவற்றின் அடிவேரில் போய் உட்கார்ந்துகொள்வதால் மேலே தேய்ப்பது அங்கே எட்டாது. மென்மையான பழைய பல் துலக்கியால் செங்குத்தாகத் தட்டிக் கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பின்னர் துண்டைத் திருப்பி, கறையின் பின்பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விழும்படி பிடித்தால், கரி வந்த வழியே வெளியேறும். வழிகிற நீர் சாம்பல் நிறமாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அது தெளியும்வரை திரவத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஒருமுறை என் முகத்துண்டில் விரல் நீளத்துக்கு இழுபட்ட கண்மைக்கு நான்கு சுற்று தேவைப்பட்டது. முதல் சுற்றில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

தலையணை உறையின் நெசவு தட்டையானது என்பதால் அங்கே வேலை எளிது. தடித்த படலத்தைக் கரண்டியின் விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டு, கறைப் பக்கம் கீழே இருக்குமாறு வெள்ளைத் துணியின் மேல் பரப்பி, பின்பக்கத்திலிருந்து அதே திரவத்தை இட்டு ஒற்றுங்கள். நீண்ட நேரம் நிற்கும் வகை லிப்ஸ்டிக் இதற்கு அசையாவிட்டால், பஞ்சில் மருந்தக ஆல்கஹால் தொட்டு ஒற்றலாம். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்புக்கு அருகில் செய்ய வேண்டாம்.

மெழுகு போன பின்னும் இளஞ்சிவப்பாக ஒரு நிழல் நின்றால், அது சாயம். ப்ளீச் பற்றிய உங்கள் கேள்வி பொருந்துவது இந்த இடத்தில்தான். குளோரின் ப்ளீச் அல்ல, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும்: நிழலின் மேல் நனையும்படி விட்டு, அரை மணி நேரம் கழித்து அலசுங்கள். வெள்ளைத் துணிக்கு மட்டுமே இது பொருந்தும். இதைக் குளோரின் ப்ளீச்சுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. பெராக்சைடுக்கும் மங்காமல் செம்பழுப்பு தங்கினால், அது இரும்பு ஆக்சைடாக இருக்கலாம்; மீண்டும் பாத்திரம் துலக்கும் திரவத்துக்கே திரும்புங்கள்.

இரண்டையும் வழக்கம்போல் துவைத்து நிழலில் உலர்த்திய பிறகு, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈரத்துணியில் மெல்லிய கறை கண்ணுக்குத் தப்பிவிடும். அது முற்றிலும் போனது உறுதியாகும்வரை இஸ்திரிப் பெட்டியையும் உலர்த்தும் இயந்திரத்தையும் துணியின் அருகில் கொண்டுவர வேண்டாம். மிஞ்சிய மெழுகு சூட்டில் உருகி நூலுக்குள் இறங்கிவிடும். உறையை ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்தால், எண்ணெயில் தொடங்கி இரண்டு சுற்று செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்பது பெரும்பாலும் நின்றுவிடும்.