ஊருணிக் குழுவுக்குக் குடத்தில் சீட்டு: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

ஊருணியைப் பார்த்துக்கொள்ளும் 12 பேர் குழுவை, குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுக்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து: கோயில் வரிக்குக் குடும்பங்களை எழுதிவைத்த புள்ளிக்கணக்கு நோட்டு இருக்கிறதே, அதிலிருந்தே 12 பேரைக் குலுக்கிவிடலாமா?

கோயில் காரியம் என்றால் சரி. ஊருணியில் தண்ணீர் எடுப்பவர்களில் பாதிப்பேர் அந்த நோட்டிலேயே இல்லை. நோட்டில் இருப்பவர்களில் பலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் தொடங்கி, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று தெருத்தெருவாகப் பார்த்துத் திருத்துங்கள். பூட்டிய வீட்டுக்காரர் பணம் தருகிறாரே, அவருக்கு இடம் உண்டா? அதை ஊர்தான் முடிவு செய்யவேண்டும்; எனக்கே இரண்டு மனம்.

குடவோலையில் எல்லாரையும் சேர்த்துத்தானே குலுக்கினார்கள்? நாமும் அப்படியே செய்யலாமே?

குலுக்கியது சரி, எல்லாரையும் என்பதுதான் சரியில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குள்ளான ஆட்களின் பெயர்தான் ஓலையில் ஏறும். ஆனால் ஊரை 30 குடும்பாக, அதாவது பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் எடுத்தார்கள். ஒரே மூலையிலிருந்து எல்லாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்ட அந்த யோசனையைத்தான் நாம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஓர் ஆச்சி: எங்கள் குலுக்கல் சீட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை விழுந்தது. இதிலும் அப்படி ஆகுமா?

ஆகாது ஆச்சி. எடுத்த சீட்டு திரும்பக் குடத்துக்குள் போகாது. இங்கே சிக்கல் வேறு. 60 பேர் வருகிறேன் என்றார்கள், அதில் பெண்கள் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் பாதிப்பேர் பெண்கள் என்பதால் ஆறு ஆண், ஆறு பெண். வயதுக்கணக்கில் 40க்குக் கீழே ஐந்து, மேலே ஏழு. ஒவ்வொரு சீட்டாக எடுங்கள், அந்த வகை நிரம்பியிருந்தால் ஒதுக்குங்கள். இதில் பெண்ணுக்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு, ஆணுக்குச் சுமார் 13. வர முன்வந்த பெண்கள் குறைவு என்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாதியில் மாட்டிக்கொண்டால்?

மாட்டும். ஆறு ஆண்களும் (இருவர் இளையவர்) ஐந்து பெண்களும் (இருவர் இளையவர்) வந்துவிட்டார்கள். 40க்கு மேல் ஏழு நிரம்பிவிட்டது, ஆகவே கடைசி இடத்துக்கு ஓர் இளம்பெண் வேண்டும். முன்வந்த இளம்பெண்களே இரண்டுபேர்தான், இருவரும் உள்ளே. அப்போதுதான் யாராவது "என் மருமகள் வருவாள்" என்பார். அங்கேயே குலுக்கல் செத்தது! எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டு முதலிலிருந்து எடுக்கவேண்டும். இந்த விதியைக் குலுக்கும் முன்பே வாசித்துவிடுங்கள்; பிறகு சொன்னால் பிடிக்காத ஆளைத் தள்ளத்தான் என்பார்கள்.

அப்படியென்றால் தெரு, சாதி, படிப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கலாமே அண்ணே?

12 இடத்துக்கு அத்தனை வைத்தால் ஒவ்வொரு முறையும் மாட்டும். தெருவை மட்டும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பக்கம் தெருவைப் பார்த்தாலே மற்றதில் பாதி தெரிந்துவிடும்.