ஒலி எடிட்டிங்: முதல் மின்னஞ்சலை யாருக்கு எழுதுவது?

"ஏற்காட்டில் இருக்கிறேன். சினிமாவில் ஒலி எடிட்டிங் செய்ய ஆசை. குடும்பத்தில் யாரும் அந்தத் துறையில் இல்லை. இங்கிருந்தபடியே சென்னையில் உள்ளவர்களை எப்படி அணுகுவது?"

பெயர் பெற்ற ஒலி வடிவமைப்பாளருக்கு எழுதாமல், அவருடைய குழுவில் வசனங்களின் ஒலியைச் சீர்செய்யும் வசன எடிட்டருக்கு எழுதுங்கள். வேலை குவியும்போது இன்னொரு கை தேவைப்படுவது அவருக்குத்தான். படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலை ஓடிடியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அந்தப் பெயர்கள் கிடைக்கும். உங்கள் மலையடிவாரத்தில், சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இயங்கிய காலமாக இருந்தால் பேருந்தில் இறங்கி வந்தே கேட்டிருக்கலாம். இப்போது ஏற்காடு சாலையில் அதன் வளைவு மட்டும்தான் நிற்கிறது.

சேலம் அம்மாபேட்டையிலிருந்து நான் முதலில் அனுப்பிய 14 மின்னஞ்சல்களும் பெயர் பெற்றவர்களுக்கே சென்றன. "வாய்ப்புத் தாருங்கள்" என்பதைத் தவிர அவற்றில் எதுவும் இல்லாததால் ஒருவரும் பதில் எழுதவில்லை. அடுத்ததை ஒரு வசன எடிட்டருக்கு எழுதினேன். அவர் பணியாற்றிய படத்தின் மழைக் காட்சியில் வசனம் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, அது படப்பிடிப்பில் பதிவானதா, டப்பிங்கா என்று கேட்டுவிட்டு, நண்பர்களின் குறும்படத்தில் நான் சீர்செய்த 90 நொடிக் காட்சியைச் சீர்செய்வதற்கு முன், பின் என இரண்டு கோப்புகளாக கூகுள் டிரைவில் ஏற்றி அதன் இணைப்பைக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது: "லிங்க் திறக்கவில்லை." பகிர்வு அமைப்பை Anyone with the link என்று மாற்ற மறந்திருந்தேன். இப்போதெல்லாம் என் கணக்கிலிருந்து வெளியேறி, இணைப்பைத் திறந்து பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

மின்விசிறி இரைச்சலை நீக்கியதை அவர் பாராட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ, "வசனத்துக்கு நடுவில் ஓட்டை விழுகிறது" என்று எழுதினார். வசனங்களுக்கு இடைப்பட்ட பகுதியை நான் முழு மௌனமாக வெட்டியிருந்தேன். அதனால் ஒவ்வொரு வசனத்தோடும் மிச்சமிருந்த இரைச்சல் எழுந்து, வசனம் முடிந்ததும் சட்டென்று அறுந்தது. இயக்குநர் 'ஆக்‌ஷன்' சொன்ன பின், நடிகர் வாய் திறப்பதற்கு முன் உள்ள ஓரிரு நொடிகளில் அந்த அறையின் வெறும் ஒலி பதிவாகியிருக்கும். அதை எடுத்து இடைவெளிகளை நிரப்ப வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு நாளில் திருத்தி அனுப்பினேன். அதன் பிறகே பழைய படமொன்றின் ஒரு காட்சியைப் பயிற்சிக்கென்று கொடுத்தார். அதற்குப் பணம் இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்த குறும்பட வேலைக்குத்தான் முதல் சம்பளம் கிடைத்தது.

குறும்படங்களையும் விளம்பரங்களையும் சேலத்திலிருந்தே செய்ய முடிகிறது. வெளியாகாத பெரிய படங்களின் காட்சிகளை ஸ்டுடியோவுக்கு வெளியே அனுப்பப் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. இறுதி மிக்ஸிங்கும் அதற்கென்று அமைத்த அரங்கில்தான் நடக்கும். அந்தக் கட்டம் வந்தபோது நானும் பெட்டியோடு ரயில் ஏற வேண்டியிருந்தது. ஆனால் சென்னையில் இறங்கிய அன்று, யாரிடம் போவது என்று எனக்குத் தெரிந்திருந்தது.