ஒரு காரை வைத்து மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது மொ.உ.உ., கணக்குப் பார்ப்போம்

கேள்வி: உயர்தரத்துக்குப் பொருளியல் படிக்கிறேன். செலவின முறையில் நுகர்வு C, முதலீடு I, அரச செலவு G, ஏற்றுமதி X, இறக்குமதி M என்று எடுத்து, C + I + G + (X − M) என்று இறக்குமதியைக் கழிக்கிறோம். அப்படியானால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் மொ.உ.உ. கூடியிருக்க வேண்டுமே?

பதில்:

கூடாது. M ஐக் கழிப்பதற்குக் காரணம், அதே தொகை C, I, G, X ஆகியவற்றில் எங்கேயோ ஒன்றுக்குள் ஏற்கெனவே கூட்டப்பட்டிருப்பதுதான். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மாதச் செலவைக் கேட்டு எழுதுகிறவர், அரிசி பொலன்னறுவையில் விளைந்தது, பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று பிரித்துக்கொண்டிருக்க மாட்டார். எல்லாவற்றையும் C இல் போட்டுவிடுவார். பிறகு இறக்குமதிக் கணக்கில் பதிவான மொத்தத்தை ஒரே இடத்தில் கழித்தால், வெளிநாட்டில் உற்பத்தியானது வெளியே போய்விடும். கட்டுநாயக்கவில் தைத்து அனுப்பும் சட்டையின் துணிக்கும் இதே கதைதான்: துணியின் விலை X இலும் இருக்கும், M இலும் இருக்கும்.

இப்போது ஒரு கார். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. கொழும்பு விற்பனையாளர் ஒருவர் 60 லட்சத்துக்கு ஒரு காரை இறக்குகிறார். தீர்வை, வரி எல்லாம் சேர்த்து 50 லட்சம் கட்டுகிறார். தன்னுடைய 10 லட்சத்தையும் வைத்து 120 லட்சத்துக்கு ஒரு குடும்பத்துக்கு விற்கிறார். C 120 கூடுகிறது, M 60 கூடுகிறது, ஆகவே மொ.உ.உ. 60 லட்சம் கூடுகிறது. சரிதானா என்று பார்க்க மறுபக்கத்தால் வாருங்கள்: அரசுக்குப் போன வரி 50, விற்பனையாளரின் பங்கு 10, கூட்டினால் அதே 60. காரைச் செய்த நாட்டுக்குரிய 60 நம் கணக்கில் ஒரு சதமும் நிற்கவில்லை. (இது சந்தை விலையில் மொ.உ.உ. வரி நீங்கலான கூட்டிய பெறுமதி மட்டும் வேண்டுமென்றால் 10தான்.)

அதே கார் டிசம்பரில் வந்து, வரியும் கட்டி, விற்காமல் ஷோரூமில் நிற்கிறதென்று வையுங்கள். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். யாரும் வாங்கவில்லை, C இல் ஒன்றுமில்லை, M இல் மட்டும் 60 ஏறிவிட்டது, ஆகவே மொ.உ.உ. 60 குறைந்தது என்று எழுதுவார்கள். விற்காத கார் இருப்பு மாற்றமாக I க்குள் போகும். விற்பனையாளருக்கு அதில் முடங்கியது 110 லட்சம், எனவே I +110, M 60, இந்த வருடம் மொ.உ.உ. +50. அடுத்த வருடம் விற்கும்போது C +120, இருப்பு −110, மொ.உ.உ. +10. இரண்டு வருடத்தையும் கூட்டுங்கள், பழைய 60 வந்துவிடும். இருப்பு மாற்றத்தை விட்டுவிட்டால் இது ஒருநாளும் பொருந்தாது.

உங்கள் கேள்விக்கு வருவோம். 2020இல் பொருளாதாரம் சுருங்கியதற்கு ஊரடங்கு முதலான பெரிய காரணங்கள் இருந்தன, அதை ஒருபக்கம் வைத்துவிட்டுத் தடையை மட்டும் எடுத்தால், M இல் 60 குறையும்போது C இல் 120 காணாமற் போகிறது. அந்தக் குடும்பம் பணத்தை வங்கியில் போட்டுவிட்டால் மொ.உ.உ.வுக்கு 60 லட்சம் நட்டம். அந்தப் பணத்தில் உள்ளூர்ச் செங்கல், உள்ளூர் மேசன் என்று வீட்டுக்கு ஒரு மாடி கட்டினால் I கூடி, நட்டம் இலாபமாகவும் மாறலாம். அதாவது விடை M இல் இல்லை. அந்தப் பணம் பிறகு எங்கே போனது என்பதில் இருக்கிறது. தடை போட்டதே டொலரை மிச்சம் பிடிக்கத்தான், அது வேறு கணக்கு.

பரீட்சையில் வருவது போல ஒன்று, ரூபா பில்லியனில்: தனியார் நுகர்வு 700, நிலையான முதலீடு 240, இருப்பு மாற்றம் −10, அரச நுகர்வு 90, அஸ்வெசும போன்ற மாற்றல் கொடுப்பனவு 60, ஏற்றுமதி 200, இறக்குமதி 250.

700 + (240 − 10) + 90 + (200 − 250) = 970

மாற்றல் கொடுப்பனவு 60ஐச் சேர்க்கக் கூடாது. அதை வாங்கியவர் அரிசிக்குக் கொடுத்தது 700க்குள் வந்துவிட்டது. 1030 என்று விடை வந்தால் இந்த 60தான் உள்ளே புகுந்திருக்கிறது. 990 வந்தால் இருப்பின் கழித்தல் குறியைக் கவனிக்கவில்லை.

தடைக் காலத்தில் பழைய வேகன் ஆர் காருக்கு எகிறிய விலையும் மொ.உ.உ.வில் ஏறாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். ஏறாது. அது என்றோ கணக்கில் வந்த கார், கை மாறுகிறது அவ்வளவுதான். தரகரின் கொமிஷன் மட்டும் அந்த வருடத்து உற்பத்தி.