29 மதிப்பெண்ணும் நெஃப்ரானும்

மதிப்பிற்குரிய அம்மா,

கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்கு வந்து பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறேன். அனாடமி-ஃபிசியாலஜி தாளில் 75-க்கு 29 வாங்கி அரியர் ஆகிவிட்டது. தேர்ச்சிக்கு 38 வேண்டும். அனாடமியில் 24, ஃபிசியாலஜியில் 17, ஆக 41 வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சப்ளிமெண்டரிக்கு ஆறு வாரம் இருக்கிறது. நடுவே போஸ்டிங்கும் உண்டு. முதல் பாடத்திலிருந்து மறுபடியும் படிக்கட்டுமா? வினாத்தாளையும் என் கணக்கையும் இணைத்துள்ளேன்.

ம., கடலூர்

அன்புள்ள ம.,

வேண்டாம். முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் செல், திசு, எலும்பு என்று ஏற்கெனவே தெரிந்த பாடங்களில் பாதி நாளைக் கழித்துவிட்டு, சிறுநீரகத்தைத் தேர்வுக்கு முந்தின இரவில் திறக்கிறார்கள்.

உங்கள் கணக்குக்கும் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் இடையே 12 வித்தியாசம் இருக்கிறதே, தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். விடாமல் எழுதிய கேள்விகளுக்குத்தான் நீங்கள் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே இழப்பும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். விடைத்தாள் நகல் தரும் வழக்கம் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால், கடைசித் தேதிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுநீர் உருவாதல் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு உங்களுக்கு நீங்களே 7 கொடுத்திருக்கிறீர்கள். அதையே புத்தகத்தை மூடிவைத்து இருபது நிமிடத்தில் மறுபடி எழுதி, பிறகு சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். நான் திருத்தினால் பாகங்கள் குறித்த நெஃப்ரான் படத்துக்கு 2, வடிகட்டலுக்கும் அதை நடத்தும் அழுத்தங்களுக்கும் 3, எந்தக் குழாய்ப்பகுதியில் எது திரும்ப உறிஞ்சப்படுகிறது என்பதற்கு 3, சுரப்புக்கு 1, ஹார்மோன்களின் பங்குக்கு 1 என்று பிரிப்பேன். மூன்று படிகளின் வரையறையும் பெயர் குறிக்காத படமும் மட்டும் இருந்தால் 3-க்கு மேல் போட எனக்கு மனம் வராது.

உங்கள் தாளில் நான் கவனித்த இன்னொன்று உண்டு. இதயச் சுழற்சி, நுரையீரலில் வாயுப் பரிமாற்றம் ஆகிய இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கும் நீங்களே 1, 2 என்றுதான் போட்டிருக்கிறீர்கள். சிறுநீரகத்தையும் சேர்த்தால் பார்வைக்கு மூன்று பாடங்கள். ஆனால் மூன்றிலும் விடுபட்டிருப்பது அழுத்த வேறுபாடு என்ற ஒரே விஷயம்தான். குளோமெருலஸில் ரத்த அழுத்தம் சுமார் 55 மி.மீ. பாதரசம் வெளியே தள்ளுகிறது. ரத்தப் புரதங்களின் இழுப்பு 30-ம், காப்சூலுக்குள் இருக்கும் அழுத்தம் 15-ம் அதை எதிர்க்கின்றன. எஞ்சும் 10-தான் வடிகட்டலை நடத்துகிறது. இடது வென்ட்ரிக்கிளின் அழுத்தம் அயோர்ட்டாவில் உள்ள சுமார் 80-ஐத் தாண்டும்போதுதான் வால்வு திறக்கிறது. காற்றறையில் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 100-ஐ ஒட்டியும், அங்கு வந்துசேரும் ரத்தத்தில் 40-ஆகவும் இருப்பதால்தான் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகிறது. எங்கே அதிகம், எங்கே குறைவு, எனவே எது எந்தப் பக்கம் நகரும் என்று கேட்டுக்கொண்டே இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒன்றுக்குச் செலவிட்ட உழைப்பு மற்ற இரண்டுக்கும் உதவும்.

போஸ்டிங் இதற்கு இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள். கடுமையான வயிற்றுப்போக்கோடு வந்த நோயாளியின் பி.பி. இறங்கும்போது, இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்கும் கீழே போவதை நீங்களே எழுதியிருப்பீர்கள். அந்த எஞ்சிய 10 எப்படிக் கரைந்தது என்று அன்று மாலை நான்கு வரி எழுதிப் பாருங்கள். (எந்த கைடிலும் இந்த விடை இவ்வளவு தெளிவாக இருக்காது.)

ஆறு வாரத்தில் முதல் மூன்றை இந்த மூன்று பாடங்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் முடித்து ஒரு வாரம் கழித்து, வெற்றுத்தாளில் படத்தோடு எழுதிப் பார்க்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டும்போது தெரிந்ததுபோல் இருந்து, தாளில் நெஃப்ரானின் வளைவுகளுக்குப் பெயர் வரவில்லையென்றால் அந்தப் பாடம் முடியவில்லை என்றே பொருள். நான்காவது, ஐந்தாவது வாரங்கள் நரம்பு மண்டலத்துக்கும் நாளமில்லாச் சுரப்பிகளுக்கும். சப்ளிமெண்டரியில் பழைய கேள்வியே வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, இவ்விரண்டும் அழுத்தக் கணக்குக்கு அடங்காதவை. அனாடமிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு படங்கள் போதும். இரண்டு மதிப்பெண் வரையறைகளைப் பேருந்தில் வைத்துக்கொள்ளலாம். பத்து மதிப்பெண் விடையை அங்கே படிப்பதில் பயனில்லை, அதற்குக் கையில் பென்சில் வேண்டும்.

கடைசி வாரத்தில் இரண்டு பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் வைத்து எழுதி, உங்களுக்குப் பதிலாக ஒரு தோழியைத் திருத்தச் சொல்லுங்கள். 38-ஐக் குறிவைக்காமல் 45-ஐக் குறிவையுங்கள், ஏனெனில் தோழியும் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவாள். முதல் தாளில் ஃபிசியாலஜி பகுதியின் 38 மதிப்பெண்ணில் 18-ஐத் தொடவில்லையென்றால், எஞ்சிய நாட்களில் புதுப் பாடம் எதையும் எடுக்காமல், அந்தத் தாளில் தவறிய விடைகளை மட்டும் மறுபடி எழுதுங்கள்.