ஐஸ் பெட்டிக்குக் கண் வைத்த கதை

கேள்வி: சிறுவர் கதைக்கு நட்பான ரோபோ ஒன்று வரைய வேண்டும். எளிய வடிவம், பேசும் கண்கள், கதையில் ஒரு வேலை, இவ்வளவுதான் தேவை. வரைபவருக்கு எப்படிக் குறிப்பு எழுதித் தருவது? நான் எழுதித் தந்தால் எல்லா ரோபோவும் ஒரே மாதிரி வருகிறது.

பதில்:

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். முதல் வருடம் நானும் "நட்பான, அழகான ரோபோ வரையுங்கள்" என்றுதான் பலகையில் எழுதினேன். அத்தனை தாளிலும் சதுரத் தலை, உச்சியில் ஆன்டெனா, இடுக்கிக் கை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நட்புக்கும் அழகுக்கும் உருவம் கிடையாது. அந்தச் சொற்களைக் கேட்டதும் கை ஏற்கெனவே பழகிய படத்தைத்தான் போடும்.

இப்போது வேலையிலிருந்து தொடங்குகிறேன். அது என்ன வேலை செய்கிறது, எங்கே, எந்த நேரத்தில், அந்த வேலை எப்போது நின்றுபோகும்? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், கதையோ அங்கேதான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காசிமேட்டில் சொந்தக்காரர்கள் உண்டு. அதனால் போன வருடம் எழுதிய குறிப்பு இப்படி அமைந்தது:

"காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்துக்கு முன் மீன் கூடைகளுக்கு ஐஸ் போடும் ரோபோ. பத்து வயதுச் சிறுமியின் இடுப்பு உயரம். உடல் ஒரே ஒரு ஐஸ் பெட்டி, மூலைகள் மழுங்கியவை. இரண்டு சிறிய சக்கரங்கள். முறம் போல அகன்ற ஒரே கை. மூக்கும் வாயும் இல்லை. பெட்டியின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, நன்றாக விலகி, இரண்டு பெரிய வட்டக் கண்கள். ஒவ்வொன்றுக்கும் மேலிமை, கீழிமை. தடைக்காலத்தில் படகு வராமல் நிற்கிறது. உள்ளே ஐஸ் உருகுகிறது."

விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாளும் இந்த ரோபோவுக்கு வேலை இல்லை. கதைக்கு வேறு வில்லன் தேவைப்படவில்லை.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சதுரம் உறுதியாகத் தெரியும், மூலையை மழுக்கினால் பயம் போகும், கூர்முனைகள் வந்தால் பயம் திரும்ப வரும். வரைந்ததை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் பெட்டியும் முறக் கையும் தெரிந்தால் போதும். ஒரு பையன் பெட்டி முழுக்கத் திருகாணியும் குழாயுமாக வரைந்திருந்தான். கறுப்படித்ததும் அவன் உழைப்பு அத்தனையும் காணாமல் போய்விட்டது. பாவம்.

கண்தான் நேரம் எடுக்கும். பெரிய கண்கள் முகத்தில் தாழ்வாக இருந்தால் நமக்குக் குழந்தை நினைவு வருகிறது, மனம் இளகுகிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் இதை எழுதினார். நடுக்கோட்டுக்குக் கீழே கண் என்று நான் குறித்தது அதனால்தான். ஆனால் பெரிய கண் மட்டும் போதாது என்பது முதல் வரைவிலேயே தெரிந்தது. வெள்ளை வட்டத்தின் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தோம். வகுப்புக்குப் புதிதாக வந்த சின்னவளிடம் காட்டினேன். "இது எதையோ பார்த்துப் பயந்துவிட்டது அண்ணா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பொட்டைச் சுற்றி நாலா பக்கமும் வெள்ளை தெரிந்தால் திடுக்கிட்ட பார்வை வந்துவிடும்.

இரண்டு திருத்தங்கள் செய்தோம். மேலிமையை இறக்கி, பொட்டின் உச்சி கொஞ்சம் மறையும்படி வைத்தோம். இரண்டு பொட்டுகளையும் ஒரு மயிரிழை உள்பக்கம் நகர்த்தினோம். அதுவரை நம்மைத் தாண்டி எங்கோ வெறித்தது, இப்போது நம்மைப் பார்த்தது. அதிகம் நகர்த்தினால் மாறுகண் ஆகிவிடும்.

வாய் இல்லாததால் மற்ற உணர்ச்சி எல்லாம் இமையின் பொறுப்பு. கீழிமை மேலே வளைந்து ஏறினால் சிரிப்பு. மேலிமையின் உள்முனை உயர்ந்து வெளிமுனை தாழ்ந்தால் கவலை. அதையே திருப்பிப்போட்டால் கோபம். இந்த இரண்டும்தான் அடிக்கடி குழம்பும். எங்கள் வகுப்பில் ஒருவன் உருகும் ஐஸைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிய ரோபோவை, ஐஸைத் திட்டுகிற ரோபோவாக வரைந்துவிட்டான்! அதனால் குறிப்பில் "சோகமாக" என்று எழுதாமல், "இமையின் உள்முனை மேலே, பார்வை கீழே சொட்டும் தண்ணீரில்" என்று எழுதுங்கள். கதையில் வரும் மூன்று நான்கு உணர்ச்சிகளுக்கு மட்டும் இப்படி ஒவ்வொரு வரி போதும். முப்பது முகபாவம் கேட்டால் வரைபவர் சலித்துப்போவார், நீங்களும் பயன்படுத்தமாட்டீர்கள்.

படம் வந்ததும் உடலை ஒரு தாளால் மூடி, கண்ணை மட்டும் கதை தெரியாத ஒரு குழந்தையிடம் காட்டுங்கள். அது சொல்லும் சொல் நீங்கள் நினைத்ததாக இல்லையென்றால், முதலில் இமையைத் திருத்துங்கள், பெட்டியைத் தொடாதீர்கள்.