டிபன் கடையில் சாமான் செலவை மூன்றால் பெருக்கி விலை போட்டால் சரியா? கொழும்பில் சின்னதாகத் தொடங்கப் போகிறேன்.

நீங்கள் அநேகமாகப் பத்துப் பன்னிரண்டு மேசை போட்டு, காலையும் மாலையும் தோசை, இட்லி, வடை, தேத்தண்ணி என்று தொடங்குவீர்கள் என நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெள்ளவத்தையில் ஒரு சந்துக்குள் அப்படித்தான் நானும் தொடங்கினேன். எனக்கும் யாரோ இதே மூன்றைத்தான் சொன்னார்கள். அதை நம்பி நான் இழந்த காசு கொஞ்சமல்ல, அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கீழே வரும் விலையெல்லாம் நான் கணக்கு எழுதிய காலத்து விலை. உங்கள் கொப்பியில் உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றால் பெருக்குவது என்றால், விற்கும் விலையில் 33 வீதம் சாமான் செலவு என்று அர்த்தம். அந்தச் செலவையே முதலில் பிழையாகப் போட்டிருந்தேன். ஒரு சாதாத் தோசைக்கு மா 20 ரூபாய், எண்ணெய் 6 ரூபாய், சாம்பாரும் சம்பலும் 12 ரூபாய், ஆக 38 என்று எழுதி, 115 ரூபாய்க்கு விற்றேன். மா, எண்ணெய்க் கணக்கு சரி. சாம்பார்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு அகப்பைக்கு என்ன செலவு என்று கணக்குப் பார்த்திருந்தேன். நம் ஆட்கள் ஒரு அகப்பையோடு நிற்பார்களா? வடையை ஊறவைக்கவே இரண்டாவது அகப்பை கேட்பார்கள். கேட்கட்டும், கேட்டதும் ஊற்றுவதுதான் சைவக்கடைக்கு அழகு. ஆனால் அந்தச் செலவு தோசையின் விலைக்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் முழுக்க அண்டாவை வைத்து அளந்தேன். அன்று சாம்பாருக்கும் சம்பலுக்கும் போன பருப்பு, மரக்கறி, புளி, தேங்காய், தாளிதம் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். அன்று போன தட்டு 300. ஆக, தட்டுக்கு 24 ரூபாய், நான் எழுதியதன் இரட்டிப்பு. தோசையின் உண்மைச் செலவு 50 ரூபாய். 33 வீதம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த தோசை உண்மையில் 43 வீதத்தில் ஓடியிருக்கிறது. தட்டில் இலவசமாகப் போகும் எதையும் அகப்பைக் கணக்கில் எழுதாதீர்கள். அண்டாச் செலவைத் தட்டால் வகுத்து எழுதுங்கள். இரவில் மிஞ்சிக் கொட்டியதும் அந்த அண்டாவுக்குள்தான் அடங்கும். சரி, தோசையை 130 ஆக்கினேன்.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. என் அக்காவின் மகன் கணக்கு வேலை செய்கிறவன். கொப்பியைப் பார்த்துவிட்டு, "மாமா, நெய்த்தோசை 43 வீதத்தில் ஓடுது, இதை முதலில் சரிசெய்யுங்கோ" என்றான். பிள்ளை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான், அவனைக் குறை சொல்லவில்லை. நெய்த்தோசைக்குச் செலவு 104 ரூபாய், அதில் நெய் மட்டுமே 60. விலை 240. மூன்றால் பெருக்கினால் 312 வரவேண்டும் என்று 310 ஆக்கினோம்.

அதுவரை நாளுக்கு 40 நெய்த்தோசை போகும். ஒவ்வொன்றிலும் 240இல் 104 போக 136 ரூபாய் கல்லாவில் நிற்கும். இந்த மிச்சத்தைத்தான் ஏ.எல். கணக்கீட்டில் 'பங்களிப்பு' என்று படிப்பிக்கிறார்கள். வாடகை, சம்பளம், கறண்ட் எல்லாவற்றையும் கட்டுவது இந்தக் காசு. 40 தோசைக்கு அது 5,440 ரூபாய்.

விலை ஏறியதும் 40 என்பது 15 ஆனது. தோசைக்கு 206 ரூபாய் நின்றாலும் மொத்தம் 3,090தான். விட்டுப்போன 25 பேரில் 15 பேர் சாதாத் தோசைக்கு மாறினார்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் 80 ரூபாய், ஆக 1,200. மற்றப் பத்துப் பேரைக் காணவில்லை. எல்லாம் கூட்டினால் 4,290. நாளுக்கு 1,150 ரூபாய் குறைவு, மாதத்துக்குக் கிட்டத்தட்ட 35,000. ஆனால் அந்த நாற்பது பேரின் வியாபாரத்தில் செலவு வீதத்தைப் பாருங்கள், 43இலிருந்து 35க்கு இறங்கியிருக்கிறது! கொப்பியில் வீதம் அழகாக இருக்க இருக்க, கல்லா மெலிந்தது. இரண்டு மாதம் நான் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள் வந்து, வீதம் பார்க்காமல் எப்படிக் கடை நடத்துவது என்று கேட்பார்கள். நானும் பார்க்கிறேன். மாதத் தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, மாதக் கடைசி இருப்பைக் கழித்து, விற்பனையால் வகுத்துப் பார்க்கிறேன். கொப்பிக் கணக்குப்படி 39 வர வேண்டிய இடத்தில் 47 வந்தால், மா புளித்துக் கொட்டுப்படுகிறதா, அளவு கூடிப்போகிறதா, சாமான் கைமாறுகிறதா என்று தேடத் தொடங்குவேன். வீதம் அந்த வேலைக்கு நல்லது. விலை போடுகிற வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் விலை போடுவது இப்படி. வாடகை, நாலு பேரின் சம்பளம், காஸ், கறண்ட், தண்ணீர் எல்லாம் மாதம் 6 லட்சம், நாளுக்கு 20,000. (காஸ் விற்பனையோடு கூடிக் குறையும், அதைச் சாமான் செலவில் போட வேண்டும் என்று வாதாடலாம். தோசைக்குத் தோசை காஸ் அளக்க என்னால் முடியாது, அதனால் இங்கே போட்டிருக்கிறேன்.) என் கடைக்கு நாளுக்கு 160 பேர் நிச்சயம் வருவார்கள். அப்படியென்றால் ஒரு ஆள் எழும்பிப் போகும்போது சராசரியாக 125 ரூபாயாவது பங்களிப்பு விட்டுப்போக வேண்டும், அதற்கு மேலே வருவதுதான் என் வீட்டுக்கு. ஒரு சாதாத் தோசை 80, ஒரு வடை 30, ஒரு பால் தேத்தண்ணி 45 என்றால் 155. தேத்தண்ணி குடிக்காமல் போனால் 110, அது காணாது. இதைப் பார்த்த பிறகுதான், "தேத்தண்ணி போடவா அண்ணை?" என்று தட்டு எடுக்கும்போதே கேட்கும்படி பொடியனுக்குச் சொன்னேன். விலையில் கைவைக்காமலே சராசரி கூடியது.

கடைசியாகத் தெருவைப் பார்ப்பேன். பக்கத்துக் கடையில் சாதாத் தோசை 140 என்றால் நான் 130இல் நிற்கலாம், 180இல் நிற்க முடியாது.

இதை எழுதும்போது இன்னொரு கோபம் வருகிறது, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். டெலிவரி நிறுவனம் ஒன்று வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறோம் என்று வந்தது. 30 வீதம் தரகு. 130 ரூபாய்த் தோசையில் 39 அவர்களுக்கு, பெட்டியும் சாம்பார்ப் பையும் 25, சாமான் 50. மிச்சம் 16 ரூபாய். அந்த 16க்காகக் காலை எட்டு மணிக்குக் கடையில் இருக்கிறவரின் தோசையைப் பிந்தப்போட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடர் வரும் சத்தம் கேட்டாலே வியாபாரம் நடக்கிறது என்று நினைக்கிற காலம் இது. மூன்று மாதத்தில் நிறுத்தினேன்.

நெய்த்தோசையைத் திரும்ப 240க்குக் கொண்டுவந்தேன். போன பத்துப் பேரில் பாதிப் பேர் வந்தார்கள். பிறகு நெய் விலை ஏறி, ஒரு தோசைக்கு 20 ரூபாய் கூடியது. மூன்றால் பெருக்கும் கணக்கில் 60 ஏற்ற வேண்டும். நான் 20 ஏற்றி 260 என்று பலகையில் எழுதினேன். வீதம் 48 ஆகிவிட்டது. தோசைக்கு 136 ரூபாய் அப்படியே நிற்கிறது.