அறிமுக வாரத்துக்குச் சின்ன பட்ஜெட்: ரீச்சுக்கு எவ்வளவு, விற்பனைக்கு எவ்வளவு?

கேள்வி: அடுத்த மாதம் ஒரு புதுப் பொருளை இணையத்தில் அறிமுகம் செய்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஒரு வாரத்துக்கான சின்னத் தொகைதான் கையில் இருக்கிறது. "முதல் நாலைந்து நாள் எல்லாவற்றையும் ரீச்சுக்குப் போடுங்கள், விற்பனை தானாக வரும்" என்கிறார் ஒரு ஏஜென்சிக்காரர். நண்பரோ முழுவதையும் விற்பனை விளம்பரத்துக்கே போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நண்பர் சொல்வது பாதி சரி. ஏஜென்சிக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். சின்னத் தொகையில் ரீச்சுக்கு 100-க்கு 30, விற்பனைக்கு 60, மீதி 10 கையிருப்பு. ஏன் என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம்.

உங்கள் பொருளின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. தயாரிப்பு, பேக்கிங், கூரியர் எல்லாம் போக 40 மிஞ்சுகிறது. விளம்பரத் தொகை 1,500. போட்ட பணம் திரும்ப வர 38 ஆர்டர் வேண்டும். உங்கள் தளத்துக்கு வரும் 100 பேரில் 2 பேர் வாங்குவதாக வைத்தால் (புதுக் கடைக்கு இது நல்ல விகிதம்தான்) 1,900 பேர் வர வேண்டும். அதாவது ஒரு ஆளை உள்ளே கொண்டுவர 0.80-க்கு மேல் செலவாகக் கூடாது. செலவு 1.50 ஆகிவிட்டால் 1,000 பேர்தான் வருவார்கள், 20 ஆர்டர், கையில் 800, நஷ்டம் 700. இந்த நஷ்டத்தை உங்களால் தாங்க முடியுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் தொகையைக் குறையுங்கள். எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்போது ஏஜென்சிக்காரரின் ரீச். மெட்டாவின் விளம்பரக் கணக்கில் முதல் கேள்வியே உங்கள் நோக்கம் என்ன என்பதுதான். அங்கே `Awareness` என்று தேர்ந்தெடுத்தால், உங்கள் விளம்பரத்தைக் குறைந்த செலவில் யாருக்குக் காட்ட முடியுமோ அவர்களைத் தேடிப் பிடிக்கிறது அந்த அமைப்பு. அவர்கள் வாங்குவார்களா என்பது அதன் கவலை இல்லை, நீங்கள் கேட்கவும் இல்லை. வார முடிவில் பெரிய எண்களோடு அறிக்கை வரும், ஆர்டர் வராது. ஏஜென்சிகளுக்கு இது பிடிக்கக் காரணம் எளிது: ரீச் எண் ஒருநாளும் பொய்க்காது, யாரும் சண்டைக்கு வர முடியாது. பலர் செலவுத் தொகையில் சதவீதம் எடுப்பவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரக் கணக்கையும், வருபவர்களைப் பதிவு செய்யும் பிக்சலையும் அவர்கள் பெயரிலேயே திறந்துவிட்டால், நாளை பிரியும்போது உங்கள் வாடிக்கையாளர் தகவல் அங்கேயே தங்கிவிடும். கணக்கை உங்கள் பெயரில் திறந்து, அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மெட்டா தரும் அசல் ரசீதைக் கேளுங்கள். "அது எங்கள் உள்விவகாரம்" என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆகவே ரீச்சுக்கான 450-ஐ நான் வேறு விதமாகச் செலவழிப்பேன். விற்பனை 3-ஆம் நாள் திறக்கிறது என்று வையுங்கள். 1, 2, 3-ஆம் நாள்களில் நாளுக்கு 150 வீதம், பொருளைப் பயன்படுத்திக் காட்டும் ஒரு சின்ன வீடியோ. நோக்கம் `Engagement`, இலக்கு வீடியோ பார்வை. பாதிக்கு மேல் பார்த்தவர்களைத் தனிப் பட்டியலாக்கச் சொல்லி அமைத்துவிட்டால் மெட்டாவே சேர்த்து வைக்கும். இந்தப் பட்டியலுக்காகத்தான் அந்த 450. எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பதைப் பார்க்கவே வேண்டாம்.

3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாள் வரை விற்பனை விளம்பரத்துக்கு 900. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு விளம்பரத் தொகுப்பு யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று கற்றுக்கொள்ள, வாரத்துக்குச் சுமார் 50 முறை அந்தப் பலன் நடக்க வேண்டும் என்கிறது மெட்டா. நீங்கள் `Purchase` என்று இலக்கு வைத்தால், ஆர்டருக்கு 40 வீதம் 900-இல் வருவது 22. ஐம்பதில் பாதிகூட இல்லை. `Learning limited` என்று ஒரு குறிப்பு வரும், செலவு ஏறி இறங்கும், நீங்கள் பதறுவீர்கள். அதனால் இலக்கை ஒரு படி கீழே, `Add to cart` என்று வையுங்கள். வாங்கும் ஒருவருக்கு மூன்று பேராவது கூடையில் போட்டுப் பார்ப்பார்கள் என்றால் ஐம்பதைத் தாண்டிவிடலாம். கூடையில் நிறையப் பேர் போட்டு யாரும் வாங்கவில்லை என்றால் கோளாறு விளம்பரத்தில் இல்லை, கூரியர் கட்டணத்திலோ பணம் கட்டும் பக்கத்திலோ இருக்கிறது.

தொகுப்பு ஒன்றே போதும். வயதுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று ஐந்தாகப் பிரித்தால் அந்த 50-ஐயும் ஐந்தாக உடைக்கிறீர்கள். வீடியோ பார்த்தவர்கள் பட்டியலை மெட்டாவுக்குப் பரிந்துரையாக மட்டும் கொடுங்கள். அவர்களோடு நிறுத்திவிட்டால் அதே சில நூறு பேர் சலிக்கச் சலிக்கப் பார்ப்பார்கள். அப்புறம், நடுவில் தொகையையோ படத்தையோ மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பெரிய மாற்றம் செய்தால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தினசரி பட்ஜெட் வைத்தால் ஒரு நாளில் அதைத் தாண்டியும் செலவு செய்ய மெட்டாவுக்கு உரிமை உண்டு. `Lifetime budget` வைத்து முடிவுத் தேதியும் கொடுத்துவிடுங்கள். விளம்பரங்களை இரண்டு மூன்று நாள் முன்பே சமர்ப்பித்து, தொடங்கும் நேரத்தைப் பதிந்து வையுங்கள். பரிசீலனை வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் முடியும், ஆனால் உறுதி இல்லை. திறப்பு நாள் காலையில் அது மாட்டிக்கொண்டால் பேச ஒரு மனிதர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பணம் வாங்கும் வேகத்தில் நூறில் ஒரு பங்கு பதில் சொல்வதில் கிடையாது. பதிவுக்குக் கீழே நீலமாக மினுக்கும் `Boost post` பொத்தானையும், "பட்ஜெட்டைக் கூட்டுங்கள்" என்று தினமும் வரும் ஆலோசனையையும் கண்டுகொள்ளாதீர்கள்.

இந்தப் பிரிவினை ஒரு நிலையில் மாறும். ஏற்கெனவே உங்களிடம் வாங்கி, செய்தி அனுப்பச் சம்மதித்தவர்களின் பட்டியல் இருந்தால் ரீச்சுக்கு 450 தேவையில்லை, 150 போதும். மிச்சத்தை விற்பனைக்கு மாற்றுங்கள். பட்டியல் எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு புதியது என்று பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் வாங்கிய 300 பேர், எப்போதோ மின்னஞ்சல் கொடுத்த 3,000 பேரைவிட மேல். ஆனால் வேறு வகைப் பொருளை வாங்கியவர்கள் என்றால் இந்த விலக்கு உங்களுக்கில்லை. தகுதியான பட்டியல் என்றால், விற்பனை திறந்த முதல் மணி நேரத்தில், விளம்பரம் சூடு பிடிக்கும் முன், அவர்களுக்குத் தனிக் கூப்பன் குறியீட்டோடு செய்தி அனுப்புங்கள். அவர்கள் வாங்குவதைப் பிக்சல் பார்த்துக் கற்றுக்கொள்ளும், அதற்குச் செலவில்லை.

தனிக் குறியீடு ஏன் என்றால், மெட்டாவின் வழக்கமான கணக்குப்படி, விளம்பரத்தைச் சொடுக்கி 7 நாளுக்குள் வாங்கியவரும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கியவரும் அவர்கள் கொண்டுவந்தவர்கள்தான். உங்கள் செய்தியைப் படித்து வாங்கிய பழைய வாடிக்கையாளர் போகிற போக்கில் விளம்பரத்தையும் பார்த்திருந்தால், அந்த ஆர்டரும் அவர்கள் பக்கம் ஏறும். குறியீட்டோடு வந்தவற்றைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் விளம்பரத்தின் ஆர்டராக எண்ணுங்கள்.

கையிருப்பு 150-ஐ 6-ஆம் நாள் மாலைவரை தொடாதீர்கள். அன்றுவரை விற்பனை விளம்பரத்துக்குச் செலவான தொகையை அப்படி எண்ணிய ஆர்டர்களால் வகுத்துப் பாருங்கள். 40-க்குக் கீழே வந்தால், கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மட்டும் காட்டும் ஒரு விளம்பரத்தைக் கடைசி நாளுக்கு இந்த 150-இல் போடலாம். 40-க்கு மேலே போயிருந்தால் அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.